சுவரில் ஒட்டியிருந்த தாள்

1989ஆம் ஆண்டு, வளைகுடா நாடு ஒன்றின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய் வெல்டர்கள் எடுக்கிறார்கள் என்ற சேதி துவாக்குடிக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அப்படியொரு சேதி வந்தால் டீக்கடைக்கு டீக்கடை தாண்டிப் பரவ அரை நாள் போதும். திருச்சி பெல் தொழிற்சாலையை நம்பி அதைச் சுற்றி முளைத்த சின்னச் சின்னப் பட்டறைகளில்தான் எங்களில் பாதிப் பேர் ஹோல்டர் பிடிக்கப் பழகியது. பாய்லர் டியூப் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வோம். ரூட் என்றால் எங்களுக்கு ஆர்கான்தான்; முதல் ஓட்டத்தை ராடு வைத்துப் போடுவதை நாங்கள் அதிகம் பார்த்ததுகூட இல்லை.

தேர்வு நடந்த இடம் சென்னைக்கு வெளியே ஒரு கொட்டகை. முன்னால் ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதில் ஒரு நீளமான பெஞ்சு. தாழ்வாரத்தின் ஓரத்தில் கதவு சாத்திய ஓர் அறை. அந்த அறைக்குள் கம்பெனியின் வெல்டிங் இன்ஜினியரும் ஏஜென்டின் ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். அறைக்குப் பின்னால், தகரத் தடுப்புக்கு அந்தப்புறம், டெஸ்ட் போடும் இடம். பெயர் கூப்பிட்டால் முதலில் அறைக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று கேள்வி. பிறகு பின்கதவு வழியாக டெஸ்டுக்கு. முடித்தவன் திரும்ப எங்களைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். அதனால் பெஞ்சில் இருந்தவர்களுக்குப் போகிறவனின் முகமும் தெரியும், வருகிறவனின் முகமும் தெரியும்.

டெஸ்ட் 6ஜி. தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு குழாய்த் துண்டுகளை வாயோடு வாய் வைத்து, 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் அதைச் சுற்றி உடம்பை வளைத்து வர வேண்டும். அடிப்பகுதியில் தலைக்கு மேல் பார்த்துப் போடுகிற வெல்டிங், பக்கவாட்டில் செங்குத்தாக ஏறுகிற வெல்டிங், உச்சியில் கிட்டத்தட்டப் படுகையாகப் போடுகிற வெல்டிங் என்று எல்லா நிலையும் ஒரே சுற்றில் வந்துவிடும். சாய்வு இருப்பதால் உருகிய உலோகம் எப்போதும் ஒரு பக்கமாக வழியப் பார்க்கும். 6ஜி தேறியவனுக்கு வேறு எந்த நிலைக்கும் தனி டெஸ்ட் வேண்டாம் என்று அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிநூல் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த விதிநூலின் ஒன்பதாம் பிரிவை உலகத்தில் பாதிப் பேர் வெல்டர்களைச் சோதிக்கப் பயன்படுத்துகிறார்கள்.

பெஞ்சில் திண்டுக்கல் பையன் ஒருவன், ஏஜென்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான். மலையாளி அண்ணன் ஒருவர் பைப்லைன் வேலையில் கை தேர்ந்தவர்; அவர் பை நிறையச் சான்றிதழ்கள். சிலர் தங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களில் மூத்தவர் நெய்வேலிக்காரர். ஐம்பதை நெருங்கியவர், முன்பே ஒருமுறை குவைத் போய் வந்தவர். அவர் மட்டும் பெஞ்சில் உட்காரவில்லை. தாழ்வாரத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஆங்கிலத் தாள் ஒன்றின் முன்னால், கண்ணாடியை ஏற்றி இறக்கி வெகுநேரமாக நின்றிருந்தார்.

"என்னண்ணே, ஆபீஸ் நோட்டீஸா?" என்று கேட்டேன்.

"நமக்காக ஒட்டினதுதான் தம்பி. இப்படி வா" என்றார்.

அது டபிள்யூ.பி.எஸ். வெல்டிங் எந்த முறையில் போட வேண்டும் என்று எழுதி வைக்கிற தாள். பட்டறையில் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். அது சூப்பர்வைசரின் கோப்பில் இருக்கும் காகிதம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். நெய்வேலிக்காரருக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது. "எழுத்தை விடு, எண்ணைப் பாரு" என்றார். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. 6 அங்குலக் குழாய், 80 ஷெட்யூல், அதாவது சுவர்க் கனம் கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 75 டிகிரி சரிவு. ரூட் இடைவெளி 3 மில்லிமீட்டர், உதடு ஒன்றரை மில்லிமீட்டர். கீழே ஒரு படம். குழாயின் வட்டத்துக்குப் பக்கத்தில் கீழிருந்து மேலே போகும் அம்புக்குறி. அதற்கும் கீழே இரண்டு எண்கள்: ரூட்டுக்கு 6010, மற்ற ஓட்டங்களுக்கு 7018.

"ஆர்கான் இல்லையா அண்ணே?" என்று கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை.

"இல்ல. அதைத்தான் இங்க நின்னு தெரிஞ்சுக்கணும். உள்ள போயி தெரிஞ்சா கை நடுங்கும்."

அந்த அம்புக்குறியின் விலை என்னவென்று அடுத்த அரை மணியில் தெரிந்தது. மலையாளி அண்ணன் உள்ளே போனார். ரூட் ஓட்டம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார். பைப்லைன் வேலையில் 6010 ராடு வைத்து உச்சியில் தொடங்கிக் கீழே இறங்குவார்கள். வேகமான முறை, அவருடைய கை பத்து வருடமாக அதில் ஊறியது. அன்றைய தாள் கேட்டதோ கீழிருந்து மேலே. ஏறுவதும் இறங்குவதும் விதிநூலின் கணக்கில் வேறு வேறு தேர்ச்சி; ஒன்றில் தேறியவனை மற்றதற்கு அனுமதிக்க முடியாது. அவருடைய வேலையில் குறையே இல்லை. அங்கே கேட்காத வேலையை மிக நன்றாகச் செய்துவிட்டு வந்தார். அந்தத் தாளுக்கு நேர் எதிரே இருந்த பெஞ்சில்தான் அவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

தாழ்வார மூலையில் ராடு எடுத்துக்கொள்ளும் இடம். ஒரு மேசையில் திறந்த அட்டைப்பெட்டி, அதன் பக்கத்தில் மின்சார ஓவன். வேண்டிய ராடை அவரவரே எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். திண்டுக்கல் பையன் நல்ல பட்டறையில் வளர்ந்தவன். ராடைச் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். மேசையில் இருந்த ராடுகளில் ஒரு கைப்பிடியை எடுத்து, அவன் பெயர் கூப்பிடும் வரை சூடாகட்டும் என்று ஓவனுக்குள் வைத்தான். நெய்வேலிக்காரர் அதைப் பார்த்ததும் தாளை விட்டுவிட்டு அவனிடம் போனார்.

"தம்பி, அது 6010. அதைச் சுட வைக்கக் கூடாது."

"ராடுன்னா காயணும்னுதான் எங்க மேஸ்திரி சொல்லியிருக்காரு."

"உங்க மேஸ்திரி சொன்னது 7018-க்கு."

இரண்டு ராடுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அன்று அவர் நின்றபடியே எனக்கு விளக்கினார். பின்னால் புத்தகங்களில் படித்தபோது ஒரு சொல் மாறவில்லை. 7018 ராடின் பூச்சு ஈரத்தை உறிஞ்சும் வகை. அந்த ஈரம் ஆர்க் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜனாகி உருகிய இரும்புக்குள் போய்விடும். உடனே ஒன்றும் தெரியாது. வெல்டிங் ஆறி, வெல்டர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, சில சமயம் இரண்டு நாள் கழித்துக்கூட, மேலே தெரியாமல் உள்ளே விரிசல் விடும். அதனால்தான் அதை 120 டிகிரிக்குக் குறையாமல் ஓவனில் வைத்து, வேண்டும்போது மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். 6010 நேர் எதிர். அதன் பூச்சு மரக்கூழிலிருந்து வரும் செல்லுலோஸ். அதில் ஓரளவு ஈரம் இருந்தே ஆக வேண்டும். அது எரிந்து வரும் வாயுதான் ஆர்க்குக்கு உந்துதல் கொடுத்து, குழாயின் உள்பக்கம் வரை உலோகத்தைத் தள்ளுகிறது. ஓவனில் காய வைத்தால் அந்த உந்துதல் போய்விடும். ஆர்க் தத்தளிக்கும், ரூட் உள்ளே இறங்காது. ஆகவே ஒன்று திறந்த மேசையிலும் மற்றது ஓவனிலும் இருந்ததில் கவனக்குறைவு எதுவும் கிடையாது. வைத்தவர்கள் அறிந்தே வைத்திருந்தார்கள்.

பையன் தயங்கினான். பிறகு தன் மேஸ்திரியை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ராடை அங்கேயே விட்டுவிட்டான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். தெரியாத ஆள் ஒருவர், அதுவும் அதே வேலைக்குப் போட்டியாக நிற்பவர் சொல்வதை எந்தப் பையன் நம்புவான்?

நாங்கள் இருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கழிவு டிரம் இருந்தது. முந்திய நாள் டெஸ்ட் போட்டவர்களின் துண்டுகள் அதில் கிடந்தன. அந்தக் கம்பெனி எக்ஸ்ரே எடுக்காமல் வளைத்துப் பார்க்கும் முறையை வைத்திருந்தது. வெல்டிங் நடுவில் வரும்படி குழாயிலிருந்து பட்டை பட்டையாக அறுத்து, சில பட்டைகளை ரூட் பக்கம் வெளியே இருக்கும்படியும், சிலவற்றை மேல்பக்கம் வெளியே இருக்கும்படியும் அழுத்தி வளைப்பார்கள். நன்றாக உருகிச் சேர்ந்த இரும்பு, லாடம் மாதிரி மடிந்தாலும் வாய் பிளக்காது. 3 மில்லிமீட்டருக்கு மேல் எங்காவது திறந்தால் தோல்வி. டிரம்மில் கிடந்தவை எல்லாம் வாய் பிளந்தவை.

நெய்வேலிக்காரர் குனிந்து நான்கைந்தை எடுத்துப் பெஞ்சில் வரிசையாக வைத்தார். "எங்க தொறந்திருக்கு பாரு" என்றார். எல்லாமே ரூட் பக்கம். அதிலும் இரண்டில் பிளவுக்குப் பக்கத்தில் ரூட்டின் தடிமன் திடீரென்று மாறியிருந்தது. "இது டேக் இருந்த இடம்" என்றார்.

குழாய்த் துண்டுகளை முதலில் பொருத்தி நிறுத்த நான்கு இடத்தில் சின்னதாகப் பற்ற வைப்பதுதான் டேக். ரூட் ஓட்டம் அந்த டேக்கை எட்டும்போது இரண்டும் ஒன்றாக உருகிக் கலக்க வேண்டும். டேக்கின் முனை மொத்தையாக இருந்தால் ஆர்க் அதன் மேலே ஏறிப் போய்விடும். அடியில் இணையாத ஒரு மடிப்பு நின்றுவிடும். மேலே இருந்து பார்த்தால் அழகாகத் தெரியும். அதற்கு மேல் 7018 போட்டு மூடிவிட்டால் போட்டவனுக்கே தெரியாது. வளைக்கும்போதுதான் காட்டிக் கொடுக்கும். "டேக்கோட ரெண்டு முனையையும் கிரைண்டர்ல இழைச்சு, ஒண்ணுமில்லாம ஆக்கிட்டு அப்புறம் ரூட்டைத் தொடு. ஒவ்வொரு ராடு மாத்துற இடத்துலயும் இதேதான்" என்றார். பாய்லர் டியூபில் இதை நாங்கள் செய்வோம். ஆனால் ஏன் செய்கிறோம் என்பதை வாய் பிளந்த இரும்பாக அன்றுதான் கையில் பிடித்துப் பார்த்தேன்.

தகரத் தடுப்புக்கு அந்தப்புறத்துச் சத்தத்தையும் அவர் விடவில்லை. 7018 சரியான தூரத்தில் எரிந்தால் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் ஒரே சீராகப் பொரியும். ஆர்க் நீண்டுவிட்டால் சத்தம் பெரிதாகி விட்டு விட்டு வெடிக்கும். காற்று உள்ளே புகுந்து துளை விழப்போகிறது என்று பொருள். 6010 ரூட்டில் வேறு சத்தம். ஆர்க்குக்கு முன்னால் ராடின் கனத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துளை திறந்துகொண்டே போக வேண்டும். சாவித் துவாரம் என்பார்கள். அந்தத் துளை வழியாக ஆர்க் குழாய்க்குள் ஊதும். குழாயே அந்த ஊதலை எதிரொலிக்கும். "அந்தக் காத்துச் சத்தம் நின்னா ரூட் உள்ள போகலன்னு அர்த்தம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே உள்ளே திண்டுக்கல் பையனின் ரூட் ஓடிக்கொண்டிருந்தது. ஊதல் வரும், நிற்கும், மறுபடி வரும். பிறகு கிரைண்டர் வெகுநேரம் ஓடியது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

என் முறை வந்தபோது இன்ஜினியர் சான்றிதழ்களைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த ராடுகளைப் பார்த்தார். 6010 வெறும் கையில். 7018 மூடி போட்ட சின்ன ஓவனில். இது ஏன் குளிர்ந்திருக்கிறது, அது ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்டார். தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், ஒன்றுக்கு ஈரம் ஆகாது, ஒன்றுக்கு வேண்டும் என்றேன். எந்தத் திசை என்று கேட்டார். கையைக் கீழிருந்து மேலே காட்டினேன். இன்டர்வியூ அவ்வளவுதான்.

டெஸ்டில் எனக்குப் பழக்கமில்லாத ரூட் என்பதால் ஓர் உதிரித் துண்டில் 90 ஆம்பியர் வைத்துப் போட்டுப் பார்த்து, பிறகுதான் குழாயைத் தொட்டேன். அதற்குத் தடை இல்லை. கேட்டால் கொடுப்பார்கள், கேட்பவர்கள் குறைவு. பொருத்துவதற்கே பாதி நேரம் எடுத்துக்கொண்டேன். இடைவெளியைச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கம்பி வைத்து அளந்து, டேக் முனைகளை இழைத்துவிட்டு, அடியில் ஆறு மணி நிலையைக் கொஞ்சம் தாண்டித் தொடங்கினேன். குழாயின் அடியில்தான் ஆபத்து அதிகம். தலைக்கு மேலே உருகிய இரும்பு கீழே தொங்கப் பார்க்கும். குழாயின் உள்பக்கத்தில் ரூட் புடைக்காமல் குழியாகிவிடும். அதைத் தடுக்க ராடை இடைவெளிக்குள்ளேயே தள்ளி, ஆர்க்கின் பெரும்பகுதி குழாய்க்குள் எரிகிற மாதிரி பிடிக்க வேண்டும். ஊதல் சத்தத்தைக் காதில் பிடித்துக்கொண்டே ஏறினேன். முடிந்ததும் டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்த இன்ஜினியர் அடிப்பகுதியில்தான் அதிக நேரம் பார்த்தார். பட்டைகளை வளைத்த பிறகு நெய்வேலிக்காரரும் நானும் தேறியிருந்தோம். திண்டுக்கல் பையன் தேறவில்லை.

இன்று நான் அந்த அறைக்குள் உட்காருகிற ஆள். வளைகுடாவில் பல வருடம் ஹோல்டர் பிடித்து, பிறகு ஆய்வாளர் தேர்வு எழுதி, இப்போது திருச்சிப் பக்கத்துப் பட்டறைகளிலும் வெளிநாட்டு வேலைக்கான தேர்வுகளிலும் வெல்டர்களைச் சோதிக்கிறேன். மாறியது நிறைய. தாழ்வாரம் போய்க் குளிர்சாதனக் கூடம் வந்துவிட்டது. ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 30,000 ரூபாயும் அதற்கான வரியும். நடப்பில் அதைவிட அதிகம் கொடுத்துவிட்டு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ரூட் பெரும்பாலும் ஆர்கான் ஆகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பழகிய கை. பட்டையை வளைப்பதற்குப் பதில் பல இடங்களில் எக்ஸ்ரே, அதுவும் பிலிம் இல்லாமல் திரையிலேயே தெரிகிறது. பெஞ்சில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் கேட்கிறது.

காத்திருப்பவர்கள் கையில் போன் இருக்கிறது. தேர்வுக்கு முன் வெல்டிங் வீடியோ பார்க்கிறார்கள். அந்த வீடியோக்கள் பெரும்பாலும் காட்டுவது கடைசி ஓட்டத்தை, கேப்பிங்கை. அடுக்கடுக்காக, பளபளவென்று, பார்க்க அவ்வளவு அழகு. ரூட்டை எந்தக் கேமராவாலும் எளிதில் காட்ட முடியாது. அது குழாய்க்குள் இருக்கிறது. என்னிடம் வருபவர்களின் கேப்பிங் எங்கள் காலத்தைவிட நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்வேன். தவறுபவர்கள் தவறுவது இன்றும் ரூட்டில்தான். ஓட்டம் நின்று தொடங்கிய இடத்தில், டேக்கில், அடிப்பகுதியில். திரையில் நடுக்கோடாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் ரூட் உள்ளே போகவில்லை. அந்த டிரம்மில் கிடந்த இரும்பு இப்போது கோடாகத் தெரிகிறது, வேறில்லை.

சான்றிதழ்க் கட்டோடு வருபவர்களுக்கும் அதே நிலைதான். அந்த விதிநூலின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் வெல்டரைத் தானே சோதித்துப் பொறுப்பேற்க வேண்டும். இன்னொரு கம்பெனியின் சான்றிதழை நம்பி வேலைக்கு விடுவது வழக்கமில்லை. அந்த வகை வெல்டிங்கை ஆறு மாதம் தொடாமல் இருந்தால் இருக்கிற தேர்ச்சியும் காலாவதி. முப்பது வருட அனுபவக்காரர், நேற்று ஐ.டி.ஐ. முடித்தவன் பக்கத்தில் மறுபடி மறுபடி உட்காருகிறார். இது அவமானம் என்று பலர் குமுறுகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வெடித்தால் ஊரை அழிக்கக்கூடிய குழாயை ஒட்டுகிற கையை அன்றைய நிலையில் பார்ப்பதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

என்னை இன்றும் உறுத்துவது அந்தத் தாள். இன்றும் அது சுவரிலோ கோப்பிலோ ஆங்கிலத்தில் இருக்கிறது. இன்றும் பெஞ்சில் இருப்பவர்கள் அதை ஆபீஸ் காகிதம் என்று நினைக்கிறார்கள். தேர்ச்சி டெஸ்டை அங்கீகரிக்கப்பட்ட டபிள்யூ.பி.எஸ். ஒன்றின்படிதான் போட வேண்டும் என்பது விதி. படிக்காத தாளின்படி ஒருவன் எப்படி வெல்டிங் போடுவான்? அது அவனிடமிருந்து மறைக்க வேண்டிய வினாத்தாள் இல்லை. அவன் கையில் கொடுத்தே ஆக வேண்டிய வேலைக்குறிப்பு. ஆனாலும் பல இடங்களில் அதைக் கொடுப்பது வினாத்தாள் கசிந்த மாதிரி பார்க்கப்படுகிறது. இடைவெளி எவ்வளவு என்று கேட்கிறவனைத் தொழில் தெரியாதவன் என்று முடிவு கட்டுகிறார்கள். தொழில் தெரிந்தவன்தான் அதைக் கேட்பான்.

அதனால் நான் தேர்வு நடத்தும் நாட்களில், பெயர் கூப்பிடுவதற்கு முன் கூடத்துக்கு வந்து தாளை வரி வரியாகத் தமிழில் படிக்கிறேன்; எனக்குத் தெரிந்த இந்தியிலும் சொல்கிறேன். குழாயின் கனம், சரிவு, இடைவெளி, எந்த ராடு, எந்தத் திசை, எவ்வளவு ஆம்பியர். நகல் ஒன்று எல்லோர் கையிலும். ஒரு கம்பெனியின் பிரதிநிதி இதற்கு மறுப்புச் சொன்னார். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்றார். எல்லோரும் தேறினால் நல்லதுதானே என்று கேட்டேன். அவர் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. தாளை வைத்துக்கொண்டு கையால் செய்ய முடியாதவர்கள் அன்றும் தேறவில்லை. தாள் தெரியாததால் மட்டும் தோற்றிருக்கக்கூடிய சிலர் தேறினார்கள்.

அண்மையில் ஒரு தேர்வில், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்த பெண் ஒருத்தி வந்திருந்தாள். பெயர் கூப்பிட்டும் அறைக்கு வரவில்லை. நான் எழுந்து வெளியே போனேன். ஓவனைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் நகலும் ஒரு கையில் ராடுமாக நின்றிருந்தாள்.

"சார், பேப்பர்ல 7018-ன்னு போட்டிருக்கு. இதுல 6013-ன்னு அடிச்சிருக்கு சார்."

வாங்கிப் பார்த்தேன். ஹோல்டர் பிடிக்கும் முனைக்குப் பக்கத்தில், பூச்சின் மேல் அச்சிட்டிருந்த எண் 6013தான். ஸ்டோர் பையன் காலையில் வேறு பெட்டியைப் பிரித்து ஓவனில் அடுக்கியிருக்கிறான். 6013 எளிதாக ஓடும் ராடு. கேட், கிரில் வேலைக்கு நல்லது. அதை வைத்து டெஸ்ட் போட்டுத் தேறியிருந்தால் அந்தத் தேர்ச்சி 7018-க்குச் செல்லவே செல்லாது. எக்ஸ்ரேயும் எதையும் காட்டிக் கொடுத்திருக்காது. சான்றிதழ் 7018 என்று சொல்லும், வெல்டிங் வேறொன்றாக இருக்கும். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் அதே ஓவனிலிருந்து ராடு எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தார்கள்.

உடனே டெஸ்டை நிறுத்தச் சொன்னேன். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் புதிய குழாய்த் துண்டுகள் கொடுத்தோம். ஓவனைக் காலி செய்து, 7018 பெட்டியைப் பிரித்து, 300 டிகிரிக்கு மேல் ஏற்றி இரண்டு மணி நேரம் சுட வைத்தோம். கம்பெனிப் பிரதிநிதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விமானத்துக்கு நேரமாகிறது என்றார். அந்தப் பெண் பெஞ்சில் இருந்தவர்களுக்கு ராடின் மேல் எண் எங்கே இருக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். மூவருக்கும் டெஸ்ட் மதியத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. பிரதிநிதி அடுத்த விமானத்தில் போனார்.